அன்று இரவு குடோனில் எவ்வளவு சரக்கு இருந்தது?

தீயணைப்பு வண்டி கிளம்பிப் போனதும் குடோன் வாசலில் நிற்கும் முதலாளிக்கு முதலில் தோன்றுவது, இதையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதுதான். ஈரத்துணியும் சாம்பலும் கலந்து கிடக்கும் நாற்றத்தில் வேறு யோசனை ஓடாது. ஈரோட்டுப் பக்கம் சர்வேயர் ஒருவருக்குச் சில ஆண்டுகள் கணக்கு எழுதிக் கொடுத்தவன் நான். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் குடோன் கழுவிவிடப்பட்டு, சாம்பல் டிராக்டரில் ஏறிப் போயிருந்த இடங்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கிளைம்கள்தான் மாதக்கணக்கில் இழுத்தன. எரிந்ததை யாரும் மறுக்கவில்லை. எவ்வளவு எரிந்தது என்று காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை, அவ்வளவுதான்.

தீ விபத்துக் கிளைமில் காப்பீட்டு நிறுவனம் கேட்கும் காகிதங்களின் பட்டியல் நீளமாக இருக்கும். முதன்முறை பார்ப்பவருக்கு, நம்மை அலைக்கழிக்கவே கேட்கிறார்கள் என்று கோபம் வரும். ஆனால் அந்தப் பட்டியலில் பெரும்பகுதி ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகிறது. தீப்பிடித்த அந்த இரவில் குடோனுக்குள் என்ன விலைக்கு எவ்வளவு சரக்கு இருந்தது? இது புரிந்துவிட்டால் எந்தக் காகிதம் எதற்கு, எது இல்லாவிட்டால் எதை வைத்துச் சமாளிக்கலாம் என்பதும் புரியும்.

ஒரு கடையை வைத்துப் பார்ப்போம். கற்பனைக் கடைதான், ஆனால் கணக்கு நடைமுறையில் போடுவது மாதிரியே. லுங்கி, வேட்டி, துண்டு வாங்கி விற்கும் மொத்த வியாபாரி. முன்னால் கடை, பின்னால் குடோன், இரண்டும் ஒரே வளாகம். சரக்குக்கு ரூ.40 லட்சத்துக்குப் பாலிசி. வங்கியில் சரக்கை அடமானம் காட்டி சி.சி. கணக்கு. நவம்பர் 12 இரவு குடோனில் தீ.

மறுநாள் காலையில் அவர் ஏஜென்டைக் கூப்பிடுகிறார்.

“அண்ணே, போன்ல சொன்னா போதுமா? நீங்க கம்பெனிக்குச் சொல்லிருவீங்கல்ல?”

“நான் சொல்றேன். ஆனா நீங்க உங்க மெயில்ல இருந்து ஒண்ணு போட்டுருங்க. நான் சொன்னதுக்குச் சாட்சி இல்ல, மெயிலுக்கு நேரமே சாட்சி.”

ஏஜென்ட் சொன்னது சரி. தீப் பாலிசிகள், இழப்பு நேர்ந்ததும் உடனடியாக நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கின்றன. நெடுநாளாக நம் ஊர்களில் புழங்கிவரும் தீப் பாலிசியில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. 15 நாட்களுக்குள் எந்தெந்தப் பொருள், என்ன மதிப்பு என்று இயன்றவரை விவரித்து எழுத்தில் கிளைம் கொடுக்க வேண்டும். பாலிசிக்குப் பாலிசி இந்த நாள் கணக்கு மாறலாம் என்பதால் உங்கள் பாலிசியின் நிபந்தனைப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆக வேலை இரண்டு. அறிவிப்பு இன்றே போக வேண்டும், விவரக் கணக்கு பின்னால் போகலாம். பலர் இரண்டையும் ஒன்றாக்கி, கணக்கு முடிந்த பிறகு அறிவிக்கலாம் என்று வாரக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

நம் வியாபாரி அனுப்ப வேண்டிய கடிதம் இவ்வளவு இருந்தால் போதும்:

“பொருள்: பாலிசி எண் ……, தீ விபத்து அறிவிப்பு, தேவையான ஆவணங்களின் பட்டியல் கோருதல்.

ஐயா, மேற்கண்ட பாலிசியில் காப்பீடு செய்துள்ள எங்கள் குடோனில் (பாலிசியில் உள்ளபடி முகவரி) நவம்பர் 12 இரவு சுமார் 11.40 மணிக்குத் தீப்பிடித்தது. தீயணைப்புத் துறையினர் வந்து அதிகாலை 3 மணியளவில் அணைத்தனர். லுங்கி, வேட்டி, துண்டுச் சரக்குகள் எரிந்தும் நனைந்தும் புகை பிடித்தும் சேதமாகியுள்ளன. தீக்கான காரணம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. சேத மதிப்பைக் கணக்கிட்டு வருகிறோம். இப்போதைய உத்தேசம் சுமார் ரூ.25 லட்சம், கணக்கு முடிந்ததும் இது மாறலாம். எரிந்த சரக்கை அகற்றாமல் வைத்திருக்கிறோம். நனைந்த சரக்கு பூஞ்சை பிடிக்காதிருக்க, படம் எடுத்தபின் இன்று மாலை முதல் பிரித்து உலர்த்த இருக்கிறோம். உடனே சர்வேயரை நியமித்து, அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும், கிளைம் எண்ணையும், நாங்கள் தர வேண்டிய ஆவணங்களின் பட்டியலையும் எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம். இதே சரக்குக்கு வேறு நிறுவனத்தில் பாலிசி இல்லை. சரக்கு எங்கள் வங்கியிடம் அடமானத்தில் உள்ளது. வங்கிக்கும் நகல் அனுப்பியுள்ளோம்.”

இந்தக் கடிதத்தில் இரண்டு இடங்களில் கை கட்டுப்பாடாக இருக்கிறது. ஒன்று காரணம், மற்றொன்று தொகை.

தீ என்றாலே நம் வாயில் வருவது மின்கசிவு. செய்தித்தாளிலும் அப்படித்தான் வரும். கண்ணால் பார்க்காததைக் காரணமாக எழுதி வைத்தால், பிறகு தீயணைப்பு அறிக்கை வேறொன்றைச் சொல்லும்போது நாமே நம்மை மறுத்துப் பேச வேண்டியிருக்கும். தெரிந்ததை மறைக்கவும் கூடாது, தெரியாததை ஊகித்து எழுதவும் கூடாது. மின்கசிவுதான் என்று பின்னால் உறுதியானாலும் சரக்குக்குப் பயமில்லை. வழக்கமான தீப் பாலிசியில் விலக்கு இருப்பது, மின்கோளாறில் எரிந்த அந்த ஒரு மின்சாதனத்துக்கு மட்டும். சுவிட்ச் போர்டுக்குப் பணம் கிடைக்காது. அதிலிருந்து பரவிய தீயில் எரிந்த லுங்கிக் கட்டுக்குக் கிடைக்கும். ‘மின்கசிவுன்னா கிளைம் கிடைக்காது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் காரணத்தை மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தேவையே இல்லாத பொய் அது. சரக்கு தானாகவே புழுங்கிச் சூடேறித் தீப்பிடிப்பது மட்டும் வேறு விஷயம். அந்த வழக்கமான பாலிசியில், பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, நிலக்கரி மாதிரிச் சரக்கு வைத்திருப்பவர்கள் அதற்கென்று தனியாகப் பிரீமியம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும்.

அடுத்தது தொகை. நள்ளிரவில் தீயணைப்பு வீரர் ஒருவர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு “எவ்வளவுங்க சேதம் இருக்கும்?” என்று கேட்பார். துக்கத்தில் வாயில் வருவது ‘ஒரு கோடி’. அது தீயணைப்பு அறிக்கையிலும் காவல் நிலையக் குறிப்பிலும் ஏறி, காலையில் செய்தியாகவும் வந்துவிடும். மூன்று மாதம் கழித்து நம் கணக்கு ரூ.26 லட்சம் என்று முடியும்போது, அந்த ஒரு கோடிக்கு விளக்கம் கேட்பார்கள். குறைத்துச் சொல்லியிருந்தாலும் இதே சங்கடம்தான். அதனால் எங்கே கேட்டாலும் ‘உத்தேசம், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன்’ என்ற வார்த்தை ஒட்டிக்கொண்டே வர வேண்டும்.

முகவரியைப் பாலிசியில் உள்ளபடியே எழுதச் சொன்னதற்கும் காரணம் உண்டு. காப்பீடு, பாலிசியில் குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் சரக்குக்குத்தான். தீபாவளிச் சரக்கு கொள்ளாமல் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுத்த குடோன் பாலிசியில் ஏறவில்லை என்றால், அங்கே எரிந்ததற்குக் கேட்க வழியில்லை. சாயப் பட்டறைக்காரருடையதோ தறிக்காரருடையதோ ஆன பிறர் சரக்கு நம் குடோனில் இருந்திருந்தாலும் பாலிசியில் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி, சர்வேயர் வருகிற நாள். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் வெளியிட்ட தொகுப்புச் சுற்றறிக்கை, கிளைம் தெரிவிக்கப்பட்ட 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை ஒதுக்க வேண்டும், அவர் 15 நாட்களில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாட்களில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது. நடைமுறையில் இழுபடுவது பெரும்பாலும் காகிதம் வரவில்லை என்ற பெயரில்தான். கடிதத்தில் பட்டியலை எழுத்தில் கேட்டது இதற்காகவே. தேதி போட்டு ஒரு பட்டியல் கையில் இருந்தால், ஒவ்வொன்றையும் கொடுத்த தேதியை அதன் எதிரே எழுதிக்கொண்டே வரலாம். வாய்மொழியாக ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது.

சர்வேயர் முதலில் பார்ப்பது காகிதத்தை அல்ல, சாம்பலை. துணி வியாபாரிகளுக்கே வியப்பாக இருக்கும் ஒரு விஷயம், இறுக்கி மடித்து அடுக்கிய துணி முழுதாக எரிவதில்லை. வெளி மடிப்பு கருகும், உள்ளே காற்றுப் புகாது. லுங்கிக் கட்டு ஒன்றைக் கத்தியால் பிளந்தால் கருகிய ஓரத்துக்குள் நிறம் மாறாத மடிப்புகள் அட்டவணை மாதிரி வரிசையாகத் தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிடலாம். எந்த ரேக்கில் என்ன சரக்கு, எவ்வளவு உயரம் அடுக்கியிருந்தது என்பதற்குச் சுவரில் புகை படாத தடமே சாட்சி. குடோனின் நீள அகலத்தை டேப் வைத்து அளந்து, நீங்கள் சொல்லும் அளவு சரக்கு அந்த இடத்தில் அடங்குமா என்றும் பார்ப்பார். ஆயிரம் கட்டு எரிந்தது என்று சொன்ன இடத்தில் அறுநூறுக்கு மேல் வைக்க இடமில்லை என்றால், அங்கேயே பேச்சு மாறிவிடும்.

அதனால்தான் கூட்டிப் பெருக்க வேண்டாம் என்பது. அதற்காக எதையும் தொடாமல் இருப்பதும் தவறு. நனைந்த பருத்தித் துணி இரண்டு மூன்று நாளில் பூஞ்சை பிடிக்கும். காப்பாற்றியிருக்கக்கூடிய சரக்கைக் கெடவிட்டால், அந்தக் கூடுதல் நட்டத்தைத் தர மாட்டேன் என்று நிறுவனம் சொல்ல இடம் கொடுக்கிறோம். ‘எல்லாத்தையும் நீங்களே எடுத்துக்குங்க, எனக்குப் பணத்தைக் கொடுங்க’ என்று நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கவும் பாலிசி விடாது. படம் எடுத்து, வீடியோ எடுத்து, மெயிலில் தெரிவித்துவிட்டு, முழுதாய் எரிந்தது, பாதி கருகியது, நனைந்தது, புகை வாடை மட்டும் பிடித்தது, நல்லது என்று தனித்தனிக் குவியலாகப் பிரிப்பதுதான் வழி. ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பட்டியல், அதில் சர்வேயர் கையெழுத்தும் நம் கையெழுத்தும். பின்னால் வரும் எந்த ஆவணத்தையும்விட இந்தக் கூட்டுப் பட்டியல்தான் எனக்குத் தெரிந்து அதிகம் உதவுகிறது.

பிறகு காகிதம். கிளைம் படிவம், பாலிசி நகல், தீயணைப்பு நிலைய அறிக்கை, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது, இவை விபத்து நடந்ததற்கு. தீயணைப்பு அறிக்கைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் முதல் வாரத்திலேயே போட்டு வைப்பது நல்லது. மற்றவை எல்லாம் அந்த ஒரு கேள்விக்கு. கடைசியாகத் தணிக்கையான இருப்புநிலைக் குறிப்பு, ஏப்ரல் 1 முதல் தீப்பிடித்த நாள் வரை கொள்முதல் பில்கள், விற்பனை பில்கள், ஸ்டாக் பதிவேடு, லாரி ரசீதுகள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட்.

கம்ப்யூட்டர் எரிந்துபோய்விட்டது, பில் புத்தகம் சாம்பல் என்றால்? எல்லாம் போய்விடவில்லை. ஜி.எஸ்.டி. தளத்தில் நமக்குச் சரக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்கள் நம் கணக்கில் தெரியும், நாம் விற்றதும் ரிட்டர்னில் இருக்கும். ஆடிட்டரிடம் டேலி நகல் இருக்கலாம். வாங்கிய இடங்களில் கேட்டால் லெட்ஜர் நகல் தருவார்கள், வங்கிக் கணக்கில் பணம் போன தடம் இருக்கும். இதையெல்லாம் சேர்த்தால் சர்வேயர் போடும் கணக்கை நாமும் போட்டுவிடலாம்.

நம் வியாபாரியின் கணக்கு இது. ஏப்ரல் 1 அன்று சரக்கு ரூ.37.20 லட்சம். நவம்பர் 12 வரை வாங்கியது ரூ.92 லட்சம். விற்றது ரூ.90 லட்சம். கடந்த ஆண்டுகளின் கணக்குப்படி அவருடைய மொத்த லாபம் விற்பனையில் 12 சதவீதம். அப்படியானால் விற்ற சரக்கின் அடக்கம் ரூ.79.20 லட்சம். முதல் இரண்டையும் கூட்டி இதைக் கழித்தால், அன்றிரவு இருந்திருக்க வேண்டிய சரக்கு ரூ.50 லட்சம். முன்கடையில் சேதமில்லாமல் எண்ணிக் கண்டது ரூ.24 லட்சம். ஆக, சேதமான சரக்கின் அடக்க விலை ரூ.26 லட்சம். விற்கும் விலையில் கேட்க முடியாது. வாங்கி வந்து குடோனில் இறக்கிய விலைதான் கணக்கு.

வங்கிக்குக் கொடுத்த அக்டோபர் ஸ்டேட்மென்டில் இவர் ரூ.60 லட்சம் சரக்கு என்று எழுதியிருந்தால்? கடன் வரம்பு குறையாமல் இருக்கக் கொஞ்சம் கூட்டி எழுதுவது பல கடைகளில் நடக்கிறது, சர்வேயருக்கும் அது தெரியும். கணக்குப் புத்தகமும் ஜி.எஸ்.டி.யும் ஒன்று சொல்லி வங்கித்தாள் வேறொன்று சொன்னால், வங்கித்தாளை நம்பி யாரும் அதிகம் தர மாட்டார்கள். நம் கணக்கு முழுவதன் மீதும் சந்தேகம்தான் மிஞ்சும். கிளைமில் மோசடி என்று நிரூபணமானால் பாலிசிப் பயன் முழுவதையும் இழக்க நேரும் என்று நிபந்தனையே இருக்கிறது. வித்தியாசம் இருந்தால் சர்வேயர் கண்டுபிடிக்கும் முன் நாமே எழுத்தில் விளக்கம் கொடுத்துவிடுவது மேல்.

ரூ.26 லட்சத்தில் நனைந்ததையும் பாதி கருகியதையும் வாங்க ஆள் இருக்கிறார்கள். இதற்குச் சால்வேஜ் என்று பெயர். அதன் மதிப்பு ரூ.5 லட்சம் என்று முடிவானால், நிகர நட்டம் ரூ.21 லட்சம். சால்வேஜ் விலையைச் சர்வேயர் ஊகத்தில் போட்டுவிடாமல், நாமும் இரண்டு மூன்று வியாபாரிகளிடம் விலை எழுதி வாங்கிக் கொடுக்கலாம். புகை வாடை பிடித்த வேட்டிக்கு உண்மையில் என்ன விலை கிடைக்கும் என்பது ஜவுளிச் சந்தையில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

அடுத்து வருவதுதான் பலரைத் திடுக்கிட வைப்பது. அன்று இருந்த சரக்கு ரூ.50 லட்சம், பாலிசி ரூ.40 லட்சம். ஐந்தில் நான்கு பங்குக்குத்தான் காப்பீடு, எனவே நட்டத்திலும் ஐந்தில் நான்கு பங்குதான் கிடைக்கும். மீதிக்கு முதலாளியே தனக்குக் காப்பீடு செய்துகொண்டதாகக் கணக்கு. ரூ.21 லட்சம் ரூ.16.80 லட்சமாகிறது. எரிந்தது பாலிசித் தொகைக்கு உள்ளேதானே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமாகத்தான் படும், ஆனாலும் விதி இப்படி. பாலிசியில் முதலாளி ஏற்க வேண்டிய பங்கு 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் இன்னும் ரூ.84 ஆயிரம் போய், கைக்கு வருவது ரூ.15.96 லட்சம்.

ஒரே இடத்தில் காப்பீடு செய்யத்தக்க மொத்தச் சொத்து மதிப்பு ரூ.5 கோடி வரை உள்ளவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் வந்த ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ பாலிசியில், குறைக் காப்பீடு 15 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் கண்டுகொள்ள மாட்டார்கள். நம் வியாபாரியிடம் இருந்தது இந்த வகைப் பாலிசியாகவே இருந்திருந்தாலும், அவருடைய குறை 20 சதவீதம் என்பதால் பயனில்லை. ரூ.40 லட்சத்துக்குப் பதில் ரூ.43 லட்சத்துக்கு எடுத்திருந்தால் குறை 14 சதவீதம்தான், ரூ.4.20 லட்சம் வெட்டுப்பட்டிருக்காது.

ஜி.எஸ்.டி.யில் ஒரு முடிச்சு உண்டு. எரிந்து அழிந்த சரக்குக்கு வாங்கும்போது கட்டிய வரியை நாம் வரவு எடுத்திருப்போம். சட்டப்படி அழிந்த சரக்குக்கு அந்த வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த வரியும் அப்போது நட்டமாகிவிடுகிறது. ஆனால் சர்வேயர் வரியில்லாத விலையைத்தான் எடுப்பார். திருப்பிக் கட்டியதற்கு ரிட்டர்ன் ஆதாரம் காட்டினால், பாலிசித் தொகை வரியும் சேர்த்துப் போடப்பட்டிருந்தால், அதையும் கேட்கலாம். இதை ஆடிட்டர் ஞாபகப்படுத்தாவிட்டால் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

கடைசியில் ஒரு தொகையைப் போட்டு, முழுவதும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற ஒப்புகைச் சீட்டு வரும். உடன்பாடு இல்லையென்றால் கையெழுத்துக்கு முன்பே, எந்த இனத்தில் எவ்வளவு குறைத்தீர்கள் என்று எழுத்தில் கேட்டு, சர்வே அறிக்கையின் நகலும் கேட்க வேண்டும். அதிலும் தீரவில்லை என்றால் நிறுவனத்தின் குறைதீர் பிரிவு, அதன்பின் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். சென்னையில் அவருடைய அலுவலகம் உண்டு. தனியொருவர் நடத்தும் கடையும் குறு நிறுவனமும் அங்கே போகலாம், ரூ.50 லட்சம் வரையான வழக்கு எடுப்பார்கள்.

பணம் வரும்போது நம் வியாபாரியின் கைக்கு நேராக வராது. பாலிசியில் வங்கியின் பெயரும் இருப்பதால் அது சி.சி. கணக்கில் போய் விழும். அதில் எவ்வளவை அடுத்த சரக்கு வாங்க விடுவார்கள் என்பதை வங்கி மேலாளரிடம் கிளைம் நடக்கும்போதே பேசி வைக்க வேண்டும். கடிதத்தின் நகலை முதல் நாளே வங்கிக்கு அனுப்பச் சொன்னது அதற்கும்தான்.